தேதி தாண்டிய வேலையை எக்செல் தானாகவே சிவப்பில் காட்ட

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி அலுவலகம் எதற்குள் போனாலும், மெர்ச்சண்டைசர் மேசையில் ஒரு எக்செல் ஷீட் திறந்திருக்கும். அதை 'டி அண்ட் ஏ' என்பார்கள். ஆர்டர் கைக்கு வந்த நாளிலிருந்து சரக்கு ஷிப்மென்ட் ஏறும் நாள்வரை எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்ற பட்டியல் அது. லேப் டிப், நூல், நிட்டிங், டையிங், பி.பி. சாம்பிள், கட்டிங் என்று இறங்கிக்கொண்டே போகும். ஒருவர் கையில் ஆறேழு ஆர்டர் இருந்தால் வரிகள் இருநூறைத் தொடும். அத்தனையையும் தினமும் காலையில் ஒவ்வொன்றாகப் படித்து, எது தேதி தாண்டிவிட்டது என்று கண்ணால் தேடுவது நடக்கிற காரியம் இல்லை. அந்தத் தேடலை எக்செல்லிடம் ஒப்படைக்கும் வசதிதான் கண்டிஷனல் ஃபார்மாட்டிங்.

பெயர்தான் பெரிது, விஷயம் சின்னது. ஒவ்வொரு கட்டத்திடமும் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். பதில் 'ஆம்' என்றால் நிறம் ஏறும், 'இல்லை' என்றால் ஏறாது. பதில் மாறினால் நிறமும் தானே மாறும். பெயிண்ட் வாளி பொத்தானை அழுத்திக் கையால் பூசும் நிறத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். கையால் பூசியது வேலை முடிந்த பிறகும் சிவப்பாகவே கிடக்கும்.

ஆகவே கேள்வியைச் சரியாகக் கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஓர் ஆர்டரை எடுத்துக்கொண்டு பார்ப்போம். இன்றைய தேதி 12-03-2025 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரி தலைப்பு, இரண்டாம் வரியிலிருந்து வேலைகள்.

| | A ஆர்டர் | B வேலை | C பிளான் தேதி | D முடிந்த தேதி |
|---|---|---|---|---|
| 2 | போலோ | லேப் டிப் | 24-02-2025 | 26-02-2025 |
| 3 | போலோ | நூல் | 03-03-2025 | 03-03-2025 |
| 4 | போலோ | நிட்டிங் | 10-03-2025 | |
| 5 | போலோ | டையிங் | 14-03-2025 | |
| 6 | போலோ | பி.பி. சாம்பிள் | 20-03-2025 | |
| 7 | போலோ | கட்டிங் | | |

நான்காம் வரியில் நிட்டிங் 10-ஆம் தேதியே முடிந்திருக்க வேண்டும். முடிந்த தேதி காலியாக இருக்கிறது. சிவப்பாக வேண்டியது இந்த வரி மட்டும்தான். லேப் டிப்பும் இரண்டு நாள் பிந்தித்தான் முடிந்தது, ஆனால் முடிந்துவிட்டது. அதை இனிச் சிவப்பாக்கி என்ன பயன்? துரத்த வேண்டிய வேலைக்கு மட்டும்தான் சிவப்பு.

புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் எழுதும் விதி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
=$C2<TODAY()
```

`TODAY()` என்பது கணினியின் கடிகாரத்தைப் பார்த்து இன்றைய தேதியைக் கொடுக்கும். பிளான் தேதி அதைவிடச் சிறியது என்றால் தாண்டிவிட்டது என்று பொருள். இதைப் போட்டுப் பாருங்கள்: 2, 3, 4, 7 ஆகிய நான்கு வரிகளும் சிவப்பாகும். முடிந்துபோன இரண்டு வரிகள் சிவந்ததற்குக் காரணம் புரிகிறது, D-யைப் பற்றி நாம் கேட்கவே இல்லை. தேதியே போடாத கட்டிங் ஏன் சிவந்தது?

இங்கேதான் ஓர் அடிப்படை விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எக்செல்லுக்குத் தேதி என்பது வெறும் எண். 1900-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து நாட்களை எண்ணிக்கொண்டே வருகிறது. அந்தக் கணக்கில் 12-03-2025 என்பது 45728. நம்பிக்கை வராவிட்டால் ஒரு தேதிக் கட்டத்தின் வடிவத்தை General என்று மாற்றிப் பாருங்கள், எண் தெரியும். காலிக் கட்டத்தை இப்படி ஒப்பிடும்போது எக்செல் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. பூஜ்யம் 45728-ஐவிடச் சிறியதுதானே! அதனால் தேதி போடாத வரி எல்லாம் பல ஆண்டுக் காலம் பிந்திய வேலையாகிவிடுகிறது.

ஆகவே கேள்வியில் மூன்று பகுதி வேண்டும். பிளான் தேதி உண்மையில் ஒரு தேதியா? முடிந்த தேதி இன்னும் வரவில்லையா? பிளான் தேதி இன்றைக்கு முந்தியதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால்தான் சிவப்பு.

```
=AND(ISNUMBER($C2),NOT(ISNUMBER($D2)),$C2<TODAY())
```

D காலியா என்று கேட்க `$D2=""` என்று சுருக்கமாக எழுதலாமே என்று தோன்றும். நான் எழுத மாட்டேன். சிலர் தப்பாகப் போட்ட தேதியை அழிக்க ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டுப் போவார்கள். கட்டம் காலிபோலத் தெரியும், ஆனால் உள்ளே ஒரு இடைவெளி உட்கார்ந்திருக்கும். அப்போது `$D2=""` 'காலி இல்லை' என்று சொல்லும், நிறம் போய்விடும். 'பாதி முடிந்தது' என்று எழுதி வைத்தாலும் இதே கதி. மேலே உள்ள விதியில் உண்மையான தேதி விழுந்தால் ஒழியச் சிவப்பு நகராது.

இனி இதைப் போடும் முறை. `A2`-வில் தொடங்கி `E60` வரை இழுத்துத் தேர்ந்தெடுங்கள். E பத்தி இப்போது காலியாக இருக்கட்டும், பின்னால் தேவைப்படும். Home பட்டையில் Conditional Formatting, அதில் New Rule, அதில் கடைசியாக இருக்கும் Use a formula to determine which cells to format. பெட்டியில் விதியை ஒட்டி, Format பொத்தானில் Fill போய் வெளிர் சிவப்பைத் தேர்ந்தெடுங்கள். அடர்சிவப்பு வேண்டாம், மேலே இருக்கும் எழுத்து படிக்க முடியாமல் போகும். OK கொடுத்தால் நான்காம் வரி முழுவதும் சிவந்திருக்கும்.

இரண்டு இடத்தில் கை தவறும். ஒன்று, தேர்ந்தெடுப்பதைத் தலைப்பு வரியிலிருந்து தொடங்குவது. விதியில் உள்ள 2 என்பது தேர்வின் முதல் வரியைக் குறிக்கிறது. தேர்வு முதல் வரியில் தொடங்கினால், ஒவ்வொரு வரியும் தனக்குக் கீழே உள்ள வரியின் தேதியைப் பார்த்து நிறம் மாறும். நிட்டிங்குக்குப் பதில் அதற்கு மேலே இருக்கும் நூல் சிவந்திருந்தால் இதுதான் காரணம். இன்னொன்று டாலர் குறி. `$C` என்றால் எந்தக் கட்டத்தில் நின்று கேட்டாலும் C பத்தியையே பார் என்று பொருள். அது இல்லாவிட்டால் A கட்டம் C-யைப் பார்க்கும், B கட்டம் D-யைப் பார்க்கும், நிறம் வரி முழுக்க வராமல் ஆங்காங்கே திட்டுத்திட்டாக விழும். 2-க்கு முன்னால் டாலர் போடக் கூடாது. போட்டால் எல்லா வரியும் இரண்டாம் வரியையே பார்த்துக்கொண்டிருக்கும்.

சிவப்பு வந்துவிட்டது என்றால் ஏற்கெனவே கை மீறிவிட்டது என்று பொருள். அதனால் இன்னும் மூன்று நாளுக்குள் முடிய வேண்டியதற்கு மஞ்சள் என்று இரண்டாவது விதி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது:

```
=AND(ISNUMBER($C2),NOT(ISNUMBER($D2)),$C2>=TODAY(),$C2<=TODAY()+3)
```

இதில் டையிங் மஞ்சளாகும். இன்றே முடிய வேண்டிய வேலையும் மஞ்சளில்தான் சேரும், ஏனென்றால் நாள் இன்னும் முடியவில்லை. மூன்று நாள் என்பது என் கணக்கு. டையிங் யூனிட்டுக்கு போன் போட்டு ஏதாவது செய்ய அவ்வளவாவது வேண்டும். உங்கள் வேலைக்கு எவ்வளவு முன்னால் தெரிந்தால் ஏதாவது செய்ய முடியுமோ அந்த எண்ணை வையுங்கள். ஒரே வரிக்கு இரண்டு விதியும் சேர்ந்து 'ஆம்' ஆக வழியே இல்லாதபடி எழுதியிருப்பதால், எது மேலே எது கீழே என்ற தொல்லை இல்லை.

அடுத்தது ஐகான். நிறம் இருக்க ஐகான் எதற்கு என்று கேட்கலாம். காலைக் கூட்டத்துக்கு இந்த ஷீட்டைக் கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுப்பார்கள். சிவப்பும் மஞ்சளும் காகிதத்தில் ஒரே சாம்பலாக விழும். சிவப்பு, பச்சை வேறுபாடு கண்ணுக்குப் பிடிபடாதவர்களும் அந்த மேசையைச் சுற்றி இருக்கலாம். வடிவம் வேறாக இருந்தால் இரண்டு சிக்கலும் தீரும்.

ஐகானுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நிற விதியைப் போல 'பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து முடிவு செய்' என்று அதனிடம் சொல்ல முடியாது. ஐகான் விதிக்குள் `C2` மாதிரி வரிக்கு வரி நகரும் முகவரியை எழுதினால் எக்செல் ஏற்காமல் எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டும். ஐகான் தான் நிற்கும் கட்டத்தின் எண்ணைத்தான் பார்க்கும். அதனால் முதலில் அந்த எண்ணை உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். காலியாக விட்டிருந்த E பத்திக்கு 'மீதி நாள்' என்று தலைப்பிட்டு, `E2`-வில் இதை எழுதிக் கீழே வரை இழுத்துவிடுங்கள்:

```
=IF(AND(ISNUMBER(C2),NOT(ISNUMBER(D2))),C2-TODAY(),"")
```

நிட்டிங்குக்கு -2, டையிங்குக்கு 2, பி.பி. சாம்பிளுக்கு 8 என்று வரும். எண்ணுக்குப் பதில் ஏதோ தேதி தெரிந்தாலோ ##### என்று வந்தாலோ பயப்பட வேண்டாம், பத்தியின் வடிவத்தை General ஆக்கினால் சரியாகும். முடிந்த வேலைக்கும் தேதி போடாத வேலைக்கும் ஒன்றும் வராது. எண் இல்லாத கட்டத்துக்கு ஐகானும் விழாது. நமக்கு வேண்டியதும் அதுவே.

இப்போது E பத்தியைத் தேர்ந்தெடுத்து Conditional Formatting-ல் Icon Sets-க்குப் போய், 3 Signs என்ற தொகுப்பை எடுங்கள். பச்சை வட்டம், மஞ்சள் முக்கோணம், சிவப்புச் சாய்சதுரம் என்று மூன்றும் வேறு வேறு வடிவம். டிக் குறி உள்ள தொகுப்பை நான் தவிர்ப்பேன். எட்டு நாள் மீதி இருக்கிற வேலைக்குப் பக்கத்தில் டிக் நின்றால், பார்க்கிறவர் வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைப்பார்.

ஐகான் வந்ததும் நிறையப் பேர் அதோடு நிறுத்திவிடுவார்கள். நம் ஆர்டரில் -2 சிவப்பு, 2 மஞ்சள், 8 பச்சை என்று பொருத்தமாகவே விழுந்திருக்கும். இது தற்செயல். எக்செல் தானாக வைத்திருக்கும் எல்லைகள் 33, 67 சதவீதம். பத்தியில் உள்ள மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் நடுவே உள்ள தூரத்தை அது மூன்றாகப் பிரிக்கிறது, அவ்வளவுதான். அறுபது நாள் தள்ளி இருக்கும் ஷிப்மென்ட் வரியை எட்டாம் வரியாகச் சேர்த்துப் பாருங்கள். இப்போது தூரம் -2 முதல் 60 வரை. அதில் 33 சதவீதம் ஏறத்தாழ 18-இல் விழுகிறது. எட்டு நாள் மீதியுள்ள பி.பி. சாம்பிளுக்குச் சிவப்புச் சாய்சதுரம் வந்துவிடும். இதற்கு நேர்மாறு இன்னும் மோசம்: எல்லா வேலையும் 5 நாள் முதல் 20 நாள் வரை தாண்டிக் கிடக்கிறது என்றால், 5 நாள் தாண்டியதற்குப் பச்சை வட்டம் கிடைக்கும்.

அதனால் Manage Rules-இல் இந்த விதியைத் திறந்து, Type என்ற இடத்தில் Percent இருப்பதை Number ஆக்குங்கள். முதல் எல்லை 4, அதாவது நாலும் அதற்கு மேலும் பச்சை. இரண்டாவது எல்லை 0, அதாவது பூஜ்யம் முதல் மூன்று வரை மஞ்சள். மீதி, பூஜ்யத்துக்குக் கீழே, சிவப்பு. நிற விதியில் வைத்த மூன்று நாளோடு இது ஒத்துப்போகிறது. இரண்டும் வேறு வேறு எண்ணில் இருந்தால் மஞ்சள் வரியில் பச்சை வட்டம் நிற்கும். பச்சை வட்டம் இருந்த இடத்தில் No Cell Icon என்று மாற்றிவிட்டால் இன்னும் நல்லது. கவனிக்க வேண்டியதற்கு மட்டும் குறி இருந்தால்தான் அது கண்ணில் படும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் எனக்கு ஒருமுறை அடி விழுந்தது. அதைச் சொல்லாமல் இந்த விளக்கம் நிறைவாகாது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் புதுக் கணினி ஒன்று வந்தது. அதில் உட்கார்ந்து தேதிகளைப் பதிந்த தங்கையிடம் காலையில், "ஏதாவது தாண்டியிருக்கா?" என்று கேட்டேன். "சீட்ல ஒண்ணுமே சிவப்பு இல்லீங்க அக்கா" என்றாள். உண்மையிலேயே ஷீட் வெள்ளையாகத்தான் இருந்தது. நிட்டிங் துணி இன்னும் வரவில்லை என்று டையிங் யூனிட்டிலிருந்து போன் வந்த பிறகுதான் தெரிந்தது. நமக்கு ஒதுக்கியிருந்த நாளை அவர்கள் வேறு பார்ட்டிக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

அந்தக் கணினியில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தது. அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. மேலே உள்ள பட்டியலையே அதில் அடித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 10-03-2025 என்று அடித்தால் அது அக்டோபர் 3 என்று புரிந்துகொள்கிறது. ஏழு மாதம் கழித்து வரும் தேதி, ஆகவே சிவப்பு இல்லை. 14-03-2025 என்று அடித்தால் பதினான்காம் மாதம் என்று ஒன்று இல்லை, ஆகவே அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறது. `ISNUMBER` அதற்கு 'இல்லை' என்று சொல்லும், அதற்கும் சிவப்பு இல்லை. ஒரே அமைப்பு, இரண்டு விதமான தவறு, இரண்டும் வெள்ளையாகவே நிற்கும். நிறம் இல்லை என்பதை 'எல்லாம் சரி' என்று நாம் படித்துவிடுகிறோம்.

எழுத்தாகிப்போன தேதியைக் கண்டுபிடிப்பது எளிது. பத்தியில் நாம் எந்த ஒழுங்கும் கொடுக்காதவரை எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். தேதிகளை நடுவில் நிறுத்தி அழகுபடுத்தியிருந்தால் இந்தத் தடயம் போய்விடும், அதனால் C பத்தியை அப்படியே விடுங்கள். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் அதற்கும் ஒரு விதி வைத்துவிடலாம். ஊதா நிறம் கொடுத்து:

```
=ISTEXT($C2)
```

நாளும் மாதமும் இடம் மாறியது இதில் சிக்காது, ஏனென்றால் அது முறையான தேதி, ஆனால் நாம் நினைத்த தேதி அல்ல. அதற்கு நான் கண்ட ஒரே நல்ல வழி, C, D பத்திகளின் வடிவத்தை `dd-mmm-yyyy` என்று மாற்றுவது. Format Cells-இல் Custom-க்குள் இதை அடித்தால் மாதம் எழுத்தில் தெரியும். 10-Mar-2025 வர வேண்டிய இடத்தில் 03-Oct-2025 நின்றால் பார்த்த உடனே உறுத்தும்.

திருத்துவதற்கு, விண்டோஸின் Region அமைப்பை English (India) ஆக்க வேண்டும். அது இனிமேல் அடிப்பதற்கு மட்டும்தான். ஏற்கெனவே பதிந்தவை தாமாகத் திரும்பாது. எழுத்தாக நிற்பவற்றைத் தேர்ந்தெடுத்து Data பட்டையில் Text to Columns போய், மூன்றாவது படியில் Date: DMY கொடுத்தால் தேதியாகும். இடம் மாறியவற்றைக் கையாலேயே மறுபடி அடிப்பதுதான் பாதுகாப்பு. D பத்தியில் முடிந்த தேதியைப் போட `Ctrl+;` அழுத்தினால் இன்றைய தேதி தானே விழும், அங்கே இந்தக் குழப்பத்துக்கே இடம் இல்லை.

இன்னொரு பழுது மெல்ல வளரும். புது வேலையைச் சேர்க்க, பழைய வரியைக் காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டும்போது கூடவே விதியும் ஒட்டிக்கொள்கிறது. சில மாதத்தில் Manage Rules-ஐத் திறந்து This Worksheet என்று பார்த்தால், ஒரே சிவப்பு விதி பதினைந்து துண்டாகி ஒவ்வொன்றும் ஏதோ சில வரிகளை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். நடுவே சில வரிகள் எந்த விதியிலும் சேராமல் விடுபட்டிருக்கும். அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு விதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்து, Applies to என்ற இடத்தில் முழுப் பரப்பையும் `=$A$2:$E$60` என்று திருப்பி எழுதுங்கள். ஒட்டும்போது Paste Special-இல் Values மட்டும் கொடுப்பது பழகிவிட்டால் இது வராது. பட்டியலை முதலிலேயே `Ctrl+T` அழுத்தி டேபிளாக மாற்றியிருந்தால், கடைசியில் சேர்க்கும் வரிக்கு விதியும் E பத்திக் கணக்கும் தாமே நீளும்.

கூகுள் ஷீட்ஸில் வேலை பார்ப்பவர்களுக்கு நிற விதிகள் அப்படியே பொருந்தும். Format-இல் Conditional formatting, அதில் Custom formula is என்பதைத் தேர்ந்தெடுத்து ஒட்டினால் போதும். அங்கே ஐகான் தொகுப்பு கிடையாது. F பத்தியில் ஒரு குறியை எழுதிக் காட்டச் சொல்லலாம்:

```
=IF(E2="","",IF(E2<0,"◆",IF(E2<=3,"▲","")))
```

தேதி அமைப்பு அங்கே கணினியைப் பொறுத்தது அல்ல, ஃபைலைப் பொறுத்தது. File, Settings-இல் Locale என்பது India என்று இருக்கிறதா என்று தேதி அடிக்கத் தொடங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

ஷீட்டை மற்றவர் கையில் கொடுக்கும் முன் நான் கடைசியில் ஐந்து வரி பொய்யாகப் போட்டுப் பார்ப்பேன். நேற்றைய தேதி, இன்றைய தேதி, நான்கு நாள் கழித்து ஒரு தேதி, காலி, இடப்பக்கம் ஒட்டி நிற்கும் எழுத்துத் தேதி. எழுத்துத் தேதி வேண்டுமென்றால் முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டு அடித்தால் கிடைக்கும். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, வெள்ளை, ஊதா என்று வரிசையாக வந்தால் அந்த ஐந்து வரியையும் அழித்துவிட்டு ஃபைலை அனுப்பலாம்.